“இது நம்மளுக்கா, கம்பெனிக்காரங்களுக்கா?”

2024 பிப்ரவரியில் திருப்பூரில், பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்கு ஜாப் ஒர்க் செய்கிறவர்களுக்கு ஒரு கூட்டம். நிட்டிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று எண்பது பேர் வந்திருந்தார்கள். சிறப்புரை ஓர் ஆடிட்டருடையது, தலைப்பு வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்), சின்ன யூனிட்களுக்குப் பில் பணம் தாமதமாவதைப் பற்றிய பிரிவு. தொகுத்து வழங்கியது நான். பேச்சாளரின் பயோடேட்டா ஒன்றரைப் பக்கம் இருந்தது, முழுவதையும் வாசித்தேன். பொன்னாடை போர்த்தினோம், போட்டோ எடுத்தோம். பேச்சு தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீ குடிக்கும்போது ஒரு பெரியவர் கேட்டார்: “ஏனுங் தம்பி, இந்தச் சட்டம் நம்மளுக்கா, கம்பெனிக்காரங்களுக்கா?”

ஒரு மணி நேரம் கேட்டபிறகும் அந்தச் சந்தேகம் தீரவில்லை. தப்பு பேச்சாளருடையதல்ல. அவர் மைக்கைப் பிடிப்பதற்கு முன்னால் நான் தீர்த்திருக்க வேண்டிய கேள்வி அது.

பத்து நாள் கழித்து வேறொரு சங்கத்தில் அதே ஆடிட்டர், அதே தலைப்பு. இந்த முறை பயோடேட்டாவை ஓரமாக வைத்துவிட்டு, சங்கத்து உறுப்பினர் மூன்று பேருக்குப் போன் செய்தேன். இரண்டே கேள்விதான். எந்தப் பில் பாக்கி நிற்கிறது? கம்பெனியில் புதிதாக என்ன சொல்கிறார்கள்? ஒருவருக்கு ஜனவரி 5 தேதியிட்ட கூலி பில், நாலு லட்சம், வரவில்லை. இன்னொருவரிடம், “உத்யம் பதிவை ரத்து பண்ணிட்டு வாங்க, அப்புறம் வேலை தர்றோம்” என்றிருக்கிறார்கள். உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு. மூன்றாமவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, தானும் ஒரு சின்ன யூனிட்டுக்குக் கூலி பாக்கி வைத்திருப்பதாகச் சொன்னார்.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சட்டப்படி, உத்யம் பதிவு உள்ள குறு, சிறு தொழிலுக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளிலும், எப்படியானாலும் 45 நாளைத் தாண்டாமலும் பணம் தர வேண்டும். கெடு தாண்டிய தொகை மார்ச் 31 அன்றும் பாக்கியாக நின்றால், அந்த ஆண்டு அதைச் செலவாகக் காட்ட முடியாது. எந்த ஆண்டு கொடுக்கிறார்களோ அந்த ஆண்டில்தான் கழிக்கலாம். வரிச் சுமை பில்லுக்குப் பணம் கொடுக்க வேண்டியவருக்கு என்பதால்தான், பணம் வாங்க வேண்டியவர்கள் முதல் கூட்டத்தில் காதைக் கொடுக்கவில்லை.

அறிமுகமாகச் சொல்லப்போவதை முதல்நாளே ஆடிட்டரிடம் படித்துக் காட்டினேன். நல்லவேளை. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள் கொடுத்தாலும் போதும் என்று எழுதி வைத்திருந்தேன். ஜி.எஸ்.டி. பாக்கிக்கு அந்தச் சலுகை உண்டு, இதற்குக் கிடையாது என்றார். ஒரு வரியைத் தப்பாகச் சொல்லியிருந்தால், வந்தவுடன் அதைத் திருத்துவதே அவருக்கு வேலையாகியிருக்கும்.

மேடையில் சொன்னது ஏறக்குறைய இதுதான்:

“ஜனவரி 5-ஆம் தேதி போட்ட நாலு லட்ச ரூபாய் பில் ஒன்று இந்த ஹாலில் ஒருவர் பையில் இருக்கிறது. ஒப்பந்தம் ஏதும் எழுதவில்லை. வேலையை அன்றைக்கே ஏற்றுக்கொண்டார்கள் என்றால் 20-ஆம் தேதியே கெடு முடிந்துவிட்டது. மார்ச் 31-க்குள் அது வராவிட்டால் அந்தக் கம்பெனியின் வருமானத்தில் நாலு லட்சம் கூடும். பார்ட்னர்ஷிப் நிறுவனம் என்றால் செஸ்ஸோடு சேர்த்து 1,24,800 ரூபாய் வரி. அதனால்தான் சில பேரிடம் உத்யம் பதிவை ரத்து செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா? அது ஒரு பக்கம். நம்மில் சிலர் இன்னொரு சின்ன யூனிட்டுக்குக் கொடுக்க வேண்டியவர்கள். அவர்கள் பில்லுக்கும் இதே மார்ச் 31-தான். பனியன் கம்பெனிகளுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்களுக்கும் கணக்குப் பார்க்கிறவர் ஒருவரிடம் இன்றைக்குக் கேட்போம்.”

அப்புறம்தான் பெயர். ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும். பில் யாருடையது என்று சொல்லவில்லை, அனுமதி வாங்கித்தான் தொகையைச் சொன்னேன். “செய்யலாமா?” என்பதற்குப் பதிலும் சொல்லவில்லை. சொல்லிப்பார்க்க நாக்கு துறுதுறுவென்றுதான் இருந்தது. ஆனால் பதில் சொல்லிவிட்டால் நான் அவருடைய பேச்சைத் தின்றவன் ஆகிவிடுவேன்.

இதே அறிமுகத்தை ஏற்றுமதியாளர்கள் கூட்டத்தில் அப்படியே சொல்ல முடியாது. அங்கே 1,24,800 முதல் வரியில் வர வேண்டும், உத்யம் ரத்து விஷயத்தைத் தொட்டால் நெளிவார்கள். ஏப்ரலில் கூட்டம் என்றால் மார்ச் 31 என்ற தேதிக்கே வேகம் போய்விடும். அப்போது எழுத்து ஒப்பந்தம் போடுவதைப் பற்றி ஆரம்பித்திருப்பேன்.

அன்றைக்கு ஆடிட்டர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்துவிட்டார். “ஏனுங் சார், மார்ச் 20-ல போட்ட பில்லு, 31-ல பாக்கி நின்னா?” அதற்கு ஏப்ரல் 4 வரை கெடு இருக்கிறது, அதற்குள் கொடுத்தால் பாதகமில்லை என்று அவர் பதில் சொல்ல, கேட்டவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டு பில்லை எடுத்துத் தேதி பார்க்க ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவரும் எட்டிப் பார்த்தார்.