ஒரே பனியனுக்கு மூன்று பெயர் வைத்தால் ஸ்டாக் எப்படிச் சரியாக வரும்?

திருப்பூர், ஈரோடு பக்கம் பனியன் கம்பெனிகளுக்கும் மொத்த வியாபாரக் கடைகளுக்கும் ஸ்டாக் கணக்கை ஒழுங்கு செய்து கொடுப்பது என் வேலை. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் முதலில் ஐட்டம் லிஸ்ட்டை எடுத்து, மைனஸில் நிற்கும் ஐட்டங்களை மட்டும் தனியாகப் பார்ப்பேன். ஒரு ஐட்டம் மைனஸில் இருந்தால், பெரும்பாலும் அதே சரக்கு வேறொரு பெயரில் அதே லிஸ்ட்டில் அசையாமல் கிடக்கும்.

அப்படி ஒரு கடையில் பார்த்தது இது. ஆர்என் பனியன், நேவி கலர், 85 சைஸ். கம்ப்யூட்டரில் இப்படி இருந்தது:

```
RN VEST NAVY 85        140
RN Vest 85 N.Blue      -96
R.N VEST M NAVY         12
```

மூன்றும் ஒரே பனியன்தான். பேக்கிங்கில் இருந்து வந்த சரக்கை ஒருவர் முதல் பெயரில் உள்ளே எடுத்திருக்கிறார். பில் போடுபவர் தேடியபோது இரண்டாவது பெயர் முதலில் வந்ததால் அதிலேயே 96 பீஸ் விற்றுவிட்டார். திரும்பி வந்த 12 பீஸை இன்னொருவர் M என்று போட்டு வரவு வைத்தார், ஏனென்றால் அந்த பிராண்டில் 85 செ.மீ. பனியனில் M என்றும் அச்சடித்திருந்தது. மூன்றையும் கூட்டினால் 56, குடோனில் எண்ணியபோதும் 56தான் இருந்தது. ஆனால் ஆர்டர் போடும் ரிப்போர்ட் மைனஸ் 96-ஐப் பார்த்து "இந்த சைஸ் இல்லை" என்று சொல்ல, சூப்பர்வைசர் அதை நம்பி மறுபடியும் கட்டிங்குக்குத் துணி கொடுத்துவிட்டார். "ஏனுங்கண்ணா, குடோன்ல இருக்கற சரக்கையே மறுபடி தெச்சுப்போட்டமுங்களா?" என்று அவர் கேட்டபோது கடைக்காரர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் துணிக்கும் தையல் கூலிக்கும் பணம் ஏற்கெனவே போய்விட்டது.

இதற்கு ஆட்களின் கவனக்குறைவைக் காரணம் சொல்வது நியாயமில்லை. ஐட்டத்தின் பெயரைக் கையால் டைப் அடிக்க விட்டதுதான் காரணம். டேலியில் பில் போடும் திரையிலேயே `Alt+C` அடித்தால் புது ஐட்டம் உருவாகிவிடும். லாரி வெளியே நிற்கும்போது, தேடிய பெயர் கிடைக்காத ஒருவர் அதைத்தான் செய்வார். அதனால் புது ஐட்டம் திறக்கும் அனுமதியை ஒரே ஒரு ஆளிடம் மட்டும் வையுங்கள், பில்லிங் யூசருக்கு அதை எடுத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இதுதான், இல்லையென்றால் நீங்கள் துடைக்கத் துடைக்க அது பெருகிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் ஐட்டம் கோடு, அதாவது எஸ்கேயூ. நான் மூன்று துண்டாகத்தான் வைப்பேன்: ஸ்டைல், கலர், சைஸ். எப்போதும் இதே வரிசையில், நடுவில் ஒரு ஹைபன் வைத்து.

```
RN204-NVY-C085
RN204-WHT-C100
K118-YEL-Y0102
```

ஸ்டைல் நம்பரில் நெக், கை, துணி, ஜிஎஸ்எம் இவையெல்லாம் அடங்கிவிடும். இவற்றில் எது மாறினாலும் புது ஸ்டைல் நம்பர் கொடுக்க வேண்டும். கலருக்கு ஒரு லிஸ்ட், சைஸுக்கு ஒரு லிஸ்ட், இரண்டையும் மூடி வைத்துவிட வேண்டும், லிஸ்ட்டில் இல்லாததை யாரும் எழுத முடியாது. ஐட்டத்தின் முழுப் பெயரும் இந்த லிஸ்ட்டுகளில் இருந்து தானாகச் சேர்ந்து வரவேண்டும். எக்செல்லில் இந்த ஒரு வரி போதும்:

```
=A2&"-"&B2&"-"&C2
```

சைஸுக்கு முன்னால் ஏன் எழுத்து என்று எல்லோரும் கேட்பார்கள். வெறும் 75, 85, 100 என்று எழுத்தாகச் சேமித்தால் வரிசைப்படுத்தும்போது 100 முதலில் வந்து நிற்கும், அதனால் 085 என்று மூன்று இலக்கம் வேண்டும். ஆனால் 085 என்று எக்செல்லில் அடித்தால் அது முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தின்றுவிடும். குழந்தைகள் சைஸ் இன்னும் மோசம், 1-2 வயசு என்பதற்கு `1-2` என்று அடித்துப் பாருங்கள், அது தேதியாக மாறி நிற்கும், அந்த ஃபைலை அப்படியே சாஃப்ட்வேரில் ஏற்றினால் அப்புறம் எது எந்த வயசு என்று யாருக்கும் தெரியாது. முன்னால் ஒரு எழுத்து இருந்தால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. C என்றால் சென்டிமீட்டர், Y என்றால் வயசு. ஒரு ஸ்டைலுக்கு ஒரே அளவு முறைதான், 85 என்று முடிவு செய்துவிட்டால் M அந்த ஸ்டைலில் கிடையாது. அட்டைப் பெட்டியிலும் லேபிளிலும் M என்று எழுதிக்கொள்ளுங்கள், ஸ்டாக்கில் வேண்டாம்.

கலரில்தான் அதிகம் யோசிக்க வேண்டும். `BLU` என்று ஒரு கோடே வைக்காதீர்கள். நேவியா, ராயலா, ஸ்கையா என்று தெரியாத கலரை உள்ளே விட்டால் எல்லோரும் அவசரத்துக்கு அதில் போட்டுத் தள்ளுவார்கள், அதோடு `BLK` என்ற கறுப்புக்கும் அதற்கும் ஒரே எழுத்துதான் வித்தியாசம். NVY, RYL, SKY போதும். O, I இரண்டையும் தவிர்ப்பது நல்லது, பூஜ்யமும் ஒன்றுமாகப் படித்துவிடுவார்கள்.

அடுத்து, டையிங்கில் இருந்து வரும் லாட். ஒரே நேவி என்றாலும் லாட்டுக்கு லாட் ஷேடு கொஞ்சம் ஏறி இறங்கும். உடனே "Navy 2", "Navy New" என்று ஒரு ஐட்டம் பிறக்கும். நான் கேட்பது ஒரே கேள்வி: கஸ்டமர் நேவி 85 கேட்டால், அவரிடம் கேட்காமல் இதை அனுப்புவீர்களா? அனுப்புவோம் என்றால் அது அதே எஸ்கேயூ, லாட் நம்பர் பேட்ச் என்ற கட்டத்தில் தனியாக இருக்கட்டும், ஒரே பெட்டியில் இரண்டு லாட் கலக்காமல் பார்த்துக்கொள்ள அது போதும். அனுப்ப மாட்டோம், பான்டோன் நம்பரே வேறு என்றால்தான் அது புதுக் கலர்.

விலை, வரி, வருஷம், பையர் பெயர் இவற்றையும் கோடில் சேர்க்காதீர்கள். ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள ஹூடிகளுக்கு "12%" என்று பெயரிலேயே சேர்த்து வைத்திருந்த ஓர் இடத்தில், 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையான ஆடைகளுக்கு ஜிஎஸ்டி 5% ஆனதும், அத்தனை ஹூடிக்கும் இரண்டாவதாக ஓர் ஐட்டம் திறந்துவிட்டார்கள்.

சரி, ஏற்கெனவே குழம்பிக் கிடப்பதை எப்படிச் சரி செய்வது? பழைய ஐட்டம் லிஸ்ட்டை எக்செல்லில் இறக்கி, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் A, B, C நெடுவரிசைகளில் ஸ்டைல், கலர், சைஸ் கோடை நிரப்புங்கள், பழைய பெயர் D-இல் இருக்கட்டும். இதற்கு குடோன் ஆள் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும், பெயரைப் பார்த்து நாமாக ஊகிக்கக் கூடாது. பிறகு:

```
=COUNTIFS(A:A,A2,B:B,B2,C:C,C2)
```

ஒன்றுக்கு மேல் வந்த வரியெல்லாம் டூப்ளிகேட். ஒரு நாள் கடை சாத்திய பிறகு சரக்கை எண்ணி, ஸ்டாக் ஜர்னல் போட்டு எல்லாவற்றையும் புதுக் கோடுக்கு மாற்றுங்கள். மேலே சொன்ன கடையில் 140-ஐயும் 12-ஐயும் வெளியே எடுத்து, மைனஸ் 96-ஐ உள்ளே வைத்து நேர் செய்ததும் `RN204-NVY-C085`-இல் 56 வந்தது. பழைய ஐட்டங்களில் பில் நடந்திருப்பதால் அழிக்க முடியாது, பெயருக்கு முன்னால் `ZZ` சேர்த்து லிஸ்ட்டின் அடிக்குத் தள்ளிவிடுங்கள். அதற்குப் பிறகுதான் "RN Vest 85 N.Blue" மாதிரி ஆட்களுக்குப் பழகிய பெயரைப் புது ஐட்டத்துக்கு அலையஸாகக் கொடுக்க முடியும், பழைய பெயர் உயிரோடு இருக்கும்வரை டேலி அதை ஏற்காது.

இந்த முறையில் அடங்காத ஒன்று கலர் கலந்த பெட்டி. பத்து பீஸ், ஐந்து கலர், ஒரே சைஸ் என்று பெட்டியாக விற்றால் அது தனி எஸ்கேயூ, அதற்கு `RN204-MXD-C085` என்று கொடுங்கள். பெட்டியைப் பிரித்துச் சில்லறையாக விற்கும் அன்று ஸ்டாக் ஜர்னலில் ஒரு பெட்டி வெளியே, ஐந்து கலரிலும் இரண்டிரண்டு பீஸ் உள்ளே என்று அப்போதே எழுதிவிட வேண்டும். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பில் போடும்போது அந்த ஐந்து கலரும் மைனஸுக்குப் போய்விடும்.