அளவட்டவணை வரைபடம்: சொல்லும் அதைப் படிக்கும் முறையும்

பட்டறையில் இதை 'டேபிள் டிராயிங்' என்பார்கள். வடிவமைப்புப் பிரிவில் இருப்பவர்கள் 'டேபுலர் டிராயிங்' என்று கொஞ்சம் திருத்தமாகச் சொல்வார்கள். வடிவம் ஒன்றாகவும் அளவுகள் மட்டும் வேறாகவும் உள்ள பல உருப்படிகளுக்குச் சேர்த்துப் போட்ட ஒரே வரைபடம் அது. படத்தில் எண்கள் இருக்க வேண்டிய இடங்களில் எழுத்துகள் இருக்கும். எந்த எழுத்துக்கு எந்த அளவு என்பதைப் பக்கத்திலேயோ கீழேயோ உள்ள அட்டவணை சொல்லும். போல்ட், பேரிங், சாவி, புஷ், ஃபிளேஞ்ச் என்று சைஸ் சைஸாக வரும் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் படம் போடுகிறார்கள். எம் 3-இலிருந்து எம் 64 வரை ஒவ்வொரு போல்ட்டுக்கும் தனிப் படம் வரைந்து வைத்தால், ஒரு திருத்தம் வரும்போது எல்லாப் படங்களையும் திருத்த வேண்டியிருக்கும். அதில் ஒன்று விட்டுப்போனாலும் வம்புதான்.

'டேபிள்' என்பதற்கு மூலம் லத்தீன் 'தபுலா'. பலகை என்று பொருள். எழுதும் பலகை, கணக்கு எழுதிய பலகை என்று அந்தச் சொல் நகர்ந்து, கடைசியில் கட்டம் போட்டு எழுதிய கணக்கையே குறிக்கத் தொடங்கியது. நம்முடைய 'அட்டவணை' வந்த வழி வேறு. மராத்தியில் 'ஆட்டவண்' என்றால் நினைவு. நினைவுக்காக எழுதி வைத்த குறிப்பு, பதிவேடு என்ற பொருளில் அது தமிழுக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் எழுதப்பட்ட பொருளிலிருந்து பெயர் வைத்தார்கள். நாம் எழுதியதன் நோக்கத்திலிருந்து வைத்திருக்கிறோம். எனக்கு நம்முடையதுதான் பிடிக்கும்.

'பட்டியல்' என்ற சொல் இங்கே பொருந்தாது. பட்டியல் ஒரே திசையில் போகும்: மளிகைப் பட்டியல், பெயர்ப் பட்டியல். அட்டவணைக்கு இரண்டு திசை உண்டு. கிடையாக ஓடுவது நிரை, நெடுக்காக இறங்குவது நிரல். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் அணிகள் பாடத்தில் படித்த அதே சொற்கள்தான். இந்த இரண்டும் வெட்டிக்கொள்ளும் கட்டத்தில்தான் நமக்கு வேண்டிய எண் இருக்கிறது.

வெறுமனே 'அட்டவணை வரைபடம்' என்றால் ஒரு குழப்பம் வருகிறது. 'வரைபடம்' என்பதை நாம் தேசப்படத்துக்கும் சொல்கிறோம், புள்ளிவிவரக் கோட்டுப்படத்துக்கும் சொல்கிறோம். அட்டவணையோடு சேர்த்துச் சொன்னால் கேட்பவர் ஏதோ புள்ளிவிவரப் படம் என்று நினைத்துக்கொள்கிறார். அதனால் நான் 'அளவட்டவணை வரைபடம்' என்று எழுதுகிறேன். அளவுகள் அட்டவணையில் இருக்கின்றன, வடிவம் படத்தில் இருக்கிறது என்ற இரண்டு செய்தியும் இந்தப் பெயரிலேயே வந்துவிடுகிறது. படத்தில் உள்ள எழுத்துக்குக் 'குறியெழுத்து' போதும். ஒரே வடிவத்துப் பல சைஸ்களுக்குச் சேர்த்து 'உருப்படிக் குடும்பம்' என்னலாம்.

இதைப் படிக்கும் முறைக்கு நம் இலக்கணத்தில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. பொருள்கோள் எட்டில் ஒன்று நிரல்நிறை. 'கண்ணும் காதும் காணவும் கேட்கவும்' என்று சொன்னால், முதலாவதை முதலாவதோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் நாமாகவே பொருத்திக்கொள்கிறோம். அளவட்டவணை வரைபடத்திலும் அதே வேலைதான். எழுத்துகள் ஓர் இடத்தில் நிற்கின்றன, எண்கள் இன்னோர் இடத்தில் நிற்கின்றன. பொருத்துவது படிப்பவர் பொறுப்பு. வரிசை ஒரு கட்டம் பிசகினால் பொருளே மாறிவிடும்.

நிஜமான ஓர் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். அறுகோணத் தலை போல்ட்டுக்கான ஐ.எஸ்.ஓ. 4014. இதற்கு இணையான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1364, பகுதி 1. இதிலிருந்து M12 × 140 என்ற ஒரே ஒரு போல்ட்டின் அளவுகளை வெளியே எடுக்க வேண்டும்.

முதலில் படத்தைப் பார்த்து எழுத்துகளை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். d மரையின் விட்டம், P மரையிடைத் தூரம், l தலைக்குக் கீழே உள்ள மொத்த நீளம், k தலையின் உயரம், s ஸ்பானர் பிடிக்கும் எதிர்ப்பக்கங்களுக்கு இடைப்பட்ட அகலம், b மரை உள்ள நீளம். படத்தின் மேல் ஸ்கேல் வைத்து எதையும் அளக்கவே கூடாது. அந்தப் படம் எந்த ஒரு சைஸுக்கும் உரிய விகிதத்தில் வரைந்ததல்ல.

அடுத்து, நம்முடைய சைஸ் நிரையில் இருக்கிறதா, நிரலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேரிங் கேட்டலாகில் ஒரு சைஸுக்கு ஒரு நிரை. 6204 என்ற வரியில் கண்ணை ஓட்டினால் 20, 47, 14 என்று உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றும் கிடையாக வந்துவிடும். போல்ட் அட்டவணை இதற்கு நேர் எதிர். மரை சைஸ்கள் மேலே தலைப்பாக நிற்கும், ஒவ்வொரு சைஸும் ஒரு நிரலாக இறங்கும். பேரிங் பார்த்துப் பழகியவர் போல்ட் அட்டவணையைத் திறந்ததும் கிடையாகவே படிக்கப் பார்ப்பார். அதனால் M12 நிரலின் இரண்டு பக்கமும் காகிதப் பட்டை வைத்து மறைத்துவிட்டுக் கீழே இறங்குங்கள். கணினித் திரையில் பார்த்தாலும் நான் அப்படித்தான் செய்கிறேன்.

இறங்கினால் P 1.75, k 7.5, s 18 என்று வரிசையாகக் கிடைக்கும். இதுவரை சிக்கல் இல்லை. b என்ற இடத்தில் வண்டி நிற்கிறது. அங்கே ஒரே கட்டம் இல்லை, மூன்று கட்டங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கின்றன: 30, 36, 49. ஒவ்வொன்றுக்கும் தலைக்குமேல் பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு அடையாளம். கீழே போய்ப் பார்த்தால், நீளம் 125 வரை முதலாவது, 125-க்கு மேல் 200 வரை இரண்டாவது, 200-க்கு மேல் மூன்றாவது என்று இருக்கும். நம் போல்ட் 140. ஆகவே b 36.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் சரிபார்ப்பது சுலபம். முதல் கட்டம் விட்டத்தின் இரு மடங்கோடு 6, இரண்டாவது 12, மூன்றாவது 25 கூட்டியது. நம் போல்ட்டுக்கு:

```
b  = 2d + 12    = 2×12 + 12      = 36
lg = l − b      = 140 − 36       = 104
ls = lg − 5P    = 104 − 5×1.75   = 95.25
```

lg என்பது தலையிலிருந்து முழு மரை தொடங்கும் இடம் வரை, அதிகபட்சம். ls என்பது மரையே இல்லாத வழவழப்பான தண்டு, குறைந்தபட்சம். அட்டவணையில் 140-க்கு நேரே இந்த இரண்டு எண்களும் அப்படியே இருந்தால், நீங்கள் சரியான நிரலில் நிற்கிறீர்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது, இது பலர் கண்ணில் படுவதே இல்லை. இதே தர நிர்ணயத்துக்குள் ஏ தரம், பி தரம் என்று இரண்டு துல்லியங்கள் உண்டு. விட்டம் 24 வரை இருந்து, நீளமும் விட்டத்தின் பத்து மடங்கு அல்லது 150, இதில் எது குறைவோ அதற்குள் இருந்தால் ஏ தரம். M12-க்குப் பத்து மடங்கு 120. நம்முடையது 140. ஆகவே இது பி தரம். s-இன் மேல்வரம்பு இரண்டிலும் 18தான். கீழ்வரம்பு ஏ-யில் 17.73, பி-யில் 17.57. நீளத்துக்கு 138 முதல் 142 வரை அனுமதி. ஏ தரம் என்று நினைத்துக்கொண்டு 17.6 வந்த போல்ட்டைத் தள்ளினால், நல்ல சரக்கைத் தள்ளியதாக ஆகும்.

b-யில் ஏமாந்தால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் பார்த்தேன். நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில், அதிர்வு உள்ள ஓர் இயந்திரத்துக்கு M12 × 140 போல்ட்டுகளை அறுகோணக் கம்பியிலிருந்து லேத்தில் செய்துகொண்டிருந்தோம். அளவு எடுத்துக் கொடுத்தது புதிதாகச் சேர்ந்த பையன். வாஷரோடு சேர்த்துக் கட்ட வேண்டிய கனம் 107, அதன்மேல் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு நட். எல்லாம் மாட்டி, ஸ்பானரால் இறுக்கி, நட் நின்றுவிட்டது. கை வைத்துப் பார்த்தால் வாஷர் விரலுக்கே சுழல்கிறது.

ஃபோர்மேன் போல்ட்டைக் கழற்றி, மரையின் மேல் வெர்னியர் வைத்தார். 30.

"தம்பி, b எங்கேருந்து எடுத்த?"

"முதல் வரிலேருந்துண்ணே."

"அதுமேல பொடியா ஒரு எழுத்து இருந்துச்சே, கீழ போய்ப் பாத்தியா?"

"இல்லண்ணே. அது பக்க எண்ணுன்னு நெனச்சேன்."

மரை 30 என்றால் அது தொடங்கும் இடம் தலையிலிருந்து 110. நட் 107-இல் உட்கார வேண்டும், ஆனால் 110-இலேயே மரை முடிந்து அது சிக்கிக்கொண்டது. நட் இறுகியது மரையின் முடிவில்தான், தகட்டின்மேல் அல்ல. நடுவே 3 மில்லி மீட்டர் காலி. ஸ்பானருக்கு இறுக்கம் தெரியும், டார்க் ரெஞ்சு போட்டாலும் கிளிக் சத்தம் வரும், கட்டு மட்டும் விழுந்திருக்காது. 36 வெட்டியிருந்தால் மரை 104-இலேயே தொடங்கி, நட் நன்றாக உட்கார்ந்திருக்கும். நல்ல வேளை, மரை குறைவாக இருந்ததால் அந்த போல்ட்டுகளிலேயே மேலும் 6 மில்லி மீட்டர் வெட்டிச் சரிசெய்ய முடிந்தது. கூடுதலாக வெட்டியிருந்தால் அத்தனையும் பழைய இரும்புதான்.

அதற்குப் பிறகு அந்த ஃபோர்மேன் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் லேத்துக்குப் போகக் கூடாது. ஒரு தாளில் கையாலேயே போல்ட்டை வரைந்து, எழுத்து இருந்த இடத்தில் எண்ணை எழுதி, எந்த அடிக்குறிப்பைப் பார்த்து எடுத்தோம் என்பதையும் ஓரத்தில் குறிக்க வேண்டும். 'தனிப்படம்' என்று அதற்குப் பெயர் வைத்தார். குடும்பப் படத்திலிருந்து ஒருவரை மட்டும் வெட்டி எடுத்த மாதிரி இருப்பதால் எனக்கு அந்தப் பெயர் மிகவும் சரியாகப் படுகிறது. ஒரு வகையின் அளவுகளைப் பிரித்தெடுத்து எழுதிய தாளுக்கு இதைவிட நல்ல தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை.

தனிப்படத்தில் இன்னொன்றும் எழுதியே ஆக வேண்டும்: எந்தத் தர நிர்ணயத்தின் அட்டவணை என்பது. சுவரில் ஒட்டி வைத்திருக்கும் பழைய அட்டவணைகள் பல ஜெர்மானிய டி.ஐ.என். 931-ஐப் பார்த்து எழுதியவை. M12-க்கு அதிலும் k 7.5தான், b 30, 36, 49தான். s மட்டும் 19. M10-க்கு அங்கே 17, ஐ.எஸ்.ஓ.வில் 16. M14-க்கு 22, இங்கே 21. M22-க்கு மட்டும் தலைகீழாக அங்கே 32, இங்கே 34. மற்ற எல்லா எண்களும் ஒத்துப்போவதால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. வந்த சரக்கு எந்த அட்டவணையைச் சேர்ந்தது என்று தெரிய வேண்டுமானால், 18 ஸ்பானரை எடுத்து M12 தலையில் போட்டுப் பாருங்கள். ஏறவில்லை என்றால் அது பழைய அட்டவணையில் பிறந்த போல்ட்.