ஐந்து வாரமாக நிற்காத வயிற்றோட்டமும் "ஒன்றும் இல்லை" என்ற ரிப்போர்ட்டும்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். "ஐயா, என் மகளுக்கு எட்டு வயசு. அஞ்சு வாரமா வயித்தால போகுது. ரெண்டு மூனு நாள் நல்லா இருப்பா, அப்புறம் திரும்பத் தொடங்கிடும். எண்ணெய் கலந்த மாதிரி மிதக்குது, நாத்தம் தாங்க முடியல. ரத்தமும் இல்ல, காய்ச்சலும் இல்ல. டவுனுக்குக் கொண்டுபோய் மலம் டெஸ்ட் பண்ணினோம், ஒன்னும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. ஒன்னும் இல்லன்னா பிள்ளை ஏன் மெலிஞ்சுக்கிட்டே போகுது?"

அவர்கள் குடிப்பது பீலித் தண்ணீர். பீலிக்கு மேலே இன்னொரு லயம் இருக்கிறது, அங்கே மலசலகூடக் குழி உடைந்து கிடக்கிறது, பெருமழை பெய்த சில நாட்களுக்குப் பிறகுதான் பிள்ளைக்கு இது தொடங்கியது. இதையெல்லாம் அந்தத் தாய் தானாகவே எழுதியிருந்தார். ஒரு டொக்டர் கேட்டு அறிய வேண்டிய கதையில் பாதி அந்தக் கடிதத்திலேயே இருந்தது.

நான் பல வருடம் ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டி முன்னால் உட்கார்ந்தவன். "ஒன்றும் இல்லை" என்று எழுதும் தாளின் உண்மையான அர்த்தம், "நீங்கள் கொண்டுவந்த அந்தத் துளியில், நான் பார்த்த நேரத்தில், ஒன்றும் தெரியவில்லை" என்பதுதான். இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கும் தூரத்தில்தான் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி வாழ்கிறது.

கெட்ட தண்ணீரால் வரும் சாதாரண வயிற்றோட்டம் பெரும்பாலும் வைரஸாலோ பக்டீரியாவாலோ வருவது. ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும், ஜீவனி கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் போதும். 14 நாளைத் தாண்டினால் கதை வேறு. அப்போது ஒருகல ஒட்டுண்ணிகளைத் தேட வேண்டும். இரத்தமில்லாமல், கொழுப்போடு, விட்டுவிட்டுப் போனால் முதல் சந்தேகம் ஜியார்டியா மேல்தான்.

இந்த உயிரியை முதலில் கண்டவர் ஒல்லாந்தர் லீவன்ஹூக். 1681இல், தனக்கு வயிறு இளகியிருந்த நாட்களில், தன் மலத்தைத் தானே செய்த வில்லையின் கீழ் வைத்துப் பார்த்தார். தட்டையான வயிறும் பல சின்னக் கால்களும் கொண்ட ஏதோ ஒன்று நகர்வதாக எழுதி வைத்தார். கால்கள் என்று அவர் நினைத்தவை சவுக்குமுளைகள், மொத்தம் எட்டு. அந்தத் தட்டை வயிறுதான் முக்கியமான சங்கதி. கண்ணாடிச் சுவரில் அழுத்தி ஒட்டும் ரப்பர் கிண்ணத்தைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? ஜியார்டியாவின் வயிற்றுப் பக்கத்தில் அப்படி ஒரு வட்டக் கிண்ணம் இருக்கிறது. அதை வைத்துச் சிறுகுடலின் சுவரில் கவ்விக்கொள்கிறது. மேலிருந்து பார்த்தால் பேரிக்காய் வடிவம், உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கருக்கள். அந்த இரண்டும் கண்கள் போல நம்மையே பார்ப்பதாகத் தோன்றும். எத்தனையோ தடவை பார்த்தும் எனக்கு அது அலுத்ததில்லை.

அது குடலைத் துளைப்பதில்லை, இரத்தத்துக்குள் போவதில்லை. ஆனால் கோடிக்கணக்கில் ஒட்டிக்கொண்டு, உணவை உறிஞ்சும் சடைமுளைகளைச் சிதைத்துக் குட்டையாக்குகிறது. கொழுப்பு உறிஞ்சப்படாமல் வெளியேறுகிறது, அதனால்தான் அந்த மிதப்பும் நாற்றமும். பால் சீனியை உடைக்கும் நொதியமும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது, அதுவும் குறைந்துபோகிறது. காய்ச்சலோ இரத்தமோ இல்லாமல் பிள்ளை மெலிவது இதனால்தான்.

சரி, அப்படிக் கோடிக்கணக்கில் இருந்தால் மலத்தில் ஏன் தெரியவில்லை? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

குடலில் ஒட்டி வாழும் அந்தப் பேரிக்காய் உருவம் மிக மென்மையானது. உடம்பை விட்டு வெளியே வந்தால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் செத்துச் சிதைந்துவிடும். இன்னொரு ஆளுக்குப் பரவ வேண்டுமென்றால் அது உடை மாற்ற வேண்டும். சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்கு அடித்துச் செல்லப்படும்போது அங்கே பித்தம் கூடுதல், அதற்குக் கிடைக்கும் கொலஸ்ட்ரோல் குறைவு. இந்த மாற்றத்தை உணர்ந்ததும் அது சவுக்குமுளைகளை உள்ளே இழுத்து, கிண்ணத்தைக் கழற்றி, தன்னைச் சுற்றி ஒரு சுவரை நெய்துகொள்கிறது. சீனி மூலக்கூறுகளைக் கோத்த இழைகளும் புரதமும் சேர்ந்த சுவர் அது. உள்ளே கரு பிரிந்து நான்காகிறது. இதுதான் சிஸ்ட், முட்டை வடிவக் கூடு. நீளம் ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு அளவு.

இந்தக் கூடு குளிர்ந்த தண்ணீரில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெப்பமான நீரில் அவ்வளவு நாள் தாங்காது. நம் மலைநாட்டு ஊற்றுகளின் குளிர்ச்சி நமக்குச் சுகம், அதற்கும் சுகம். குழாய் நீரில் வழக்கமாகப் போடும் அளவு குளோரின் அதை எளிதில் அசைப்பதில்லை. பத்துக் கூடுகள் வயிற்றுக்குள் போனாலே நோய் தொற்றப் போதும். உள்ளே போனதும் நடப்பதைப் பாருங்கள்: எத்தனையோ கிருமிகளைக் கொல்லும் இரைப்பை அமிலம்தான் இந்தக் கூட்டின் பூட்டைத் திறந்துவிடும் சாவி. அமிலத்தைத் தாண்டிச் சிறுகுடலுக்கு வந்ததும் கூடு உடைந்து உள்ளிருப்பது வெளியே வந்து, இரண்டாகப் பிரிந்து, சுவரைக் கவ்விக்கொள்கிறது.

கூடு கட்ட நேரம் வேண்டும். வயிற்றோட்டம் வேகமாக இருக்கும் நாளில் குடல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓடுகிறது, கூடு கட்ட அவகாசம் இல்லை. அன்றைய தண்ணீர் மலத்தில் இருப்பது பெரும்பாலும் அந்த மென்மையான உருவங்கள்தான். மலம் இறுகும் நாளில் இருப்பவை கூடுகள். அந்தத் தாய் விடிகாலையில் சீசாவில் பிடித்த மலத்தை எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நின்று, டவுனுக்குப் போய், வரிசையில் இருந்து கொடுக்கும்போது மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். பெரும்பாலும் அவை அதற்குள் கரைந்து போயிருக்கும். பார்த்தவர் மேல் பிழை சொல்ல முடியாது, அவர் கண் முன்னால் ஒன்றும் இருந்திருக்காது.

இரண்டாவது சிக்கல், கூடுகளும் ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் வெளியேறுவதில்லை. ஒரு நாள் கொட்டும், அடுத்த சில நாட்கள் தேடினாலும் கிடைக்காது. ஒரே ஒரு மாதிரியை மட்டும் பார்த்தால் நோயுள்ள இரண்டு பேரில் ஒருவரை வரை தவறவிடலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று மூன்று மாதிரிகள் பார்த்தால் பத்தில் ஒன்பது பேரைப் பிடித்துவிடலாம். டொக்டர் மூன்று தடவை கேட்பது இதற்காகத்தான், காசு பறிக்க இல்லை.

நோய் இப்படி விட்டுவிட்டு வருவதால் நம் வீடுகளில் இன்னொன்றும் நடக்கிறது. பிள்ளை பயந்திருக்கும் என்று மந்திரித்து நூல் கட்டுகிறோம். கட்டிய மறுநாள் தற்செயலாக நல்ல நாளாக அமைந்துவிடும். பெயர் நூலுக்குப் போய்விடும். பார்மசியில் வாங்கிய நான்கு மாத்திரையும் இதே மாதிரித்தான் பெயர் வாங்குகிறது. நூல் கட்டினால் பிள்ளைக்குக் கெடுதி இல்லை, ஆனால் அதை நம்பிக் காத்திருக்கும் வாரங்களில் அவள் உடம்பு இளைத்துவிடுகிறது. பாதி மாத்திரை இன்னும் மோசம். ஒட்டுண்ணியைக் கொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் குறைத்து, அடுத்த பரிசோதனையில் அது தெரியாமல் செய்துவிடும். மலம் கொடுத்த பிறகு மருந்தைத் தொடங்குவதே முறை.

அமீபாவின் கதை நேர் எதிர். ஜியார்டியா இருந்தும் தெரியாமல் போகும். அமீபாவோ இல்லாமலே "இருக்கிறது" என்று எழுதப்பட்டுவிடும். நோய் தரும் அமீபாவின் பெயர் என்டமீபா ஹிஸ்டோலிட்டிக்கா, திசுவைக் கரைப்பது என்று பொருள். அது பெருங்குடல் சுவரைத் தின்று புண்ணாக்கும், சளியும் இரத்தமும் போகும், சில வேளை ஈரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டி வைக்கும். அதற்கு ஒரு தங்கை உண்டு, என்டமீபா டிஸ்பார். அவள் குடலில் சும்மா குடியிருப்பாள், யாருக்கும் தீங்கில்லை. இரண்டின் கூடுகளும் நுணுக்குக்காட்டியில் ஒன்றே போல இருக்கும், என்னாலும் பிரித்துச் சொல்ல முடியாது. இவை இரண்டு வேறு இனங்கள் என்பது 1925இலேயே சொல்லப்பட்டும், 1993இல்தான் உறுதியாக ஏற்கப்பட்டது. சூடு ஆறாத மலத்தில், செங்குழியங்களை விழுங்கிய அமீபா ஊர்ந்து போவதைக் கண்டால் மட்டும் ஹிஸ்டோலிட்டிக்கா என்று ஓரளவு துணிந்து எழுதலாம். மற்றபடி அதற்கென்றே உள்ள அன்டிஜன் பரிசோதனையோ பிசிஆரோ வேண்டும். அது பெரிய ஆஸ்பத்திரிகளோடு நின்றுவிடுகிறது. அழுக்குத் தண்ணீர் யாருக்குக் கிடைக்கிறதோ அவர்களுக்கு எட்டும் இடத்தில் அந்த வசதி இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். குறைந்த பட்சம் ஒரு நல்ல நுணுக்குக்காட்டியும், உப்புநீரும், அயடீனும், அதன் முன்னால் அவசரமில்லாமல் உட்கார ஓர் ஆளும் தோட்டத்துக்கு அருகிலுள்ள ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் வேண்டும்.

இரண்டுக்கும் மெட்ரோனிடசோல் கொடுப்பார்கள், அப்படியானால் பெயர் எதற்கு என்று கேட்கலாம். ஜியார்டியாவுக்கு அந்த மாத்திரையே போதும். அமீபா நோய்க்கு அது திசுவுக்குள் இருப்பதைக் கொல்லும், குடலுக்குள் தங்கிய கூடுகளைச் சரியாகத் துடைக்காது. அதற்கு டிலொக்ஸனைட் போன்ற இரண்டாவது மருந்தை அடுத்துக் கொடுக்க வேண்டும். பெயர் தெரியாமல் அதைச் செய்ய முடியாது.

அந்தத் தாய்க்கு நான் எழுதிய பதில் இதுதான். வாய் அகன்ற சுத்தமான, காய்ந்த சீசாவில் பிடியுங்கள், சிறுநீரும் மலசலகூடத் தண்ணீரும் கலக்கக் கூடாது. தண்ணீராகப் போகும் நாளில் டவுனுக்கு ஓடாதீர்கள். அன்றே கொடுக்க வேண்டுமென்றால் பிள்ளையையே கூட்டிக்கொண்டு போய் அங்கே வைத்து எடுங்கள், அரை மணிக்குள் பார்க்கச் சொல்லுங்கள். மலம் சற்று இறுகிய நாளில் எடுத்தது, குளிரான இடத்தில் வைத்தால் பஸ் பயணத்தைத் தாங்கும். மூன்று நாள் மாதிரி கொடுங்கள், ஜியார்டியாவைத் தேடச் சொல்லி டொக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். இரத்தம், காய்ச்சல், சிறுநீர் குறைதல், சோர்வு என்று எதைக் கண்டாலும் இதற்கெல்லாம் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தண்ணீரைப் பற்றியும் கேட்டிருந்தார், மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதிப்பதால் கிருமி சாகாது என்று யாரோ சொன்னார்களாம். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியஸில் கொதிக்கும், உண்மைதான். ஜியார்டியாவின் கூட்டுக்கு அது தாராளம். குமிழி பொங்கி ஒரு நிமிடம் கொதித்தால் போதும்.

இரண்டாவது மாதிரியிலும் ஒன்றும் இல்லை. மூன்றாவதில், அயடீன் பட்டு மஞ்சளாக, நான்கு கருக்களோடு கூடுகள் தெரிந்தன. டொக்டர் கொடுத்த மருந்து முடிந்த பிறகு அந்தத் தாய் மறுபடி எழுதினார்: வயிற்றால் போவது நின்றுவிட்டது, ஆனால் பால் குடித்தால் மட்டும் வயிறு உப்பி இளகுகிறது, திரும்ப வந்துவிட்டதா? பெரும்பாலும் இல்லை. நோயில் குறைந்த நொதியம் ஊறிவரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பாலைக் குறைத்துக் கொடுங்கள், பால் இல்லாத நாளிலும் இளகினால் இன்னொரு சீசா கொண்டுபோங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன்.