ஒற்றை நட்சத்திரங்கள் குவியும் இரவில் செய்யக்கூடாதவை

பாசிக்குடாப் பக்கம் விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவரிடமிருந்து கடந்த மாதம் நள்ளிரவில் அழைப்பு வந்தது. வாடகை வாகனம் தொடர்பாக ஒருவருடன் ஏற்பட்ட வாக்குவாதத்தின் மறுநாள், கூகுள் வரைபடத்தில் அவருடைய விடுதிக்குப் பதினான்கு ஒற்றை நட்சத்திர மதிப்புரைகள் விழுந்திருந்தன. நாற்பது பேர் சேர்ந்து தந்திருந்த 4.6 என்ற சராசரி, ஒரே இரவில் 3.7 ஆகியிருந்தது.

"தம்பி, நாங்களும் அம்பது பேரைச் சேர்த்து அஞ்சு நட்சத்திரம் போடுவமா?" என்பதே அவருடைய முதற் கேள்வி. இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். கனடாவிலும் கட்டாரிலும் இருக்கும் உறவினர்கள், கல்குடாவையே கண்டிராதவர்களாக இருந்தாலும், அன்பினால் போட்டுவிடுவார்கள். ஆனால் தங்காதவர் எழுதும் புகழுரையும் கூகுளின் விதிப்படி போலி மதிப்புரைதான். அது கண்டுபிடிக்கப்பட்டால், அந்தப் பக்கத்துக்குப் புதிய மதிப்புரைகள் வருவதைக் கூகுள் சிறிது காலம் நிறுத்தி வைக்கலாம். அந்தப் பதினான்கு மதிப்புரைகளும் செய்யாத சேதத்தை நம்முடைய ஐம்பது செய்துவிடும். ஐம்பது பேரைக் கொண்டு முறைப்பாடு செய்விப்பதும் வீண் வேலையே, ஏனெனில் மதிப்புரை விதியை மீறுகிறதா என்பதே பார்க்கப்படுகிறது, எத்தனை பேர் முறையிட்டார்கள் என்பதல்ல.

அன்றிரவே பதில் எழுதாதீர்கள். அவர் அதற்குள் ஒருவருக்குப் பதில் எழுதி, அதில் அந்த மனிதரின் தொலைபேசி இலக்கத்தையும் போட்டிருந்தார். முதலில் அதை அழிக்கச் சொன்னேன். பிறகு ஒவ்வொன்றையும் கணக்கின் பெயரும் திகதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து, விடுதியின் பதிவேட்டுடன் ஒப்பிட்டோம். பதின்மூன்று பெயர்கள் பதிவேட்டில் இல்லை. அவற்றுட் பல வெறும் நட்சத்திரங்கள். சில வாகனச் சண்டையைப் பற்றியவை. ஒவ்வொன்றையும் "Report review" மூலம் பொருத்தமான காரணத்தைத் தெரிவுசெய்து முறையிட்டோம்: சண்டையைப் பற்றியவற்றுக்கு "Off topic", போட்டி விடுதியைச் சேர்ந்தவர் என்று காட்டக்கூடியதற்கு "Conflict of interest". 'இது பொய்' என்பது மட்டும் போதிய காரணமாகாது. வாடிக்கையாளருக்கும் வியாபாரிக்கும் இடையில் நடந்தது என்ன என்று கூகுள் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. முடிவு வரச் சில நாட்கள் ஆகும், மறுக்கப்பட்டால் மேன்முறையீட்டுக்கு ஒரே ஒரு வாய்ப்புத்தான் உண்டு என்பதால், அதை ஆத்திரத்தில் செலவழித்துவிடாதீர்கள்.

வெறும் நட்சத்திரங்களுக்குப் பதில் தேவையில்லை. குற்றச்சாட்டு எழுதப்பட்ட ஒன்றுக்கு மட்டும் இப்படி எழுதினோம்: "உங்கள் பெயரில் எங்கள் பதிவேட்டில் தங்கல் எதுவும் காணப்படவில்லை. வேறு பெயரில் தங்கியிருந்தால், திகதியை எங்கள் மின்னஞ்சலுக்கு அறியத்தாருங்கள்." இதை எதிராளிக்காக அன்றி, அறை தேடி வரும் அடுத்த விருந்தாளிக்காக எழுதினோம். எதிராளி மறுபடி சீண்டினாலும் இரண்டாவது பதில் கிடையாது.

பதினான்காவது ஆள் உண்மையாகவே தங்கியவர். குளியலறையில் தண்ணீர் வரவில்லை என்று எழுதியிருந்தார். அதையும் சதியின் பட்டியலில் சேர்த்து முறையிட உரிமையாளர் விரும்பினார். நான் மறுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு, நீர்ப்பம்பி திருத்தப்பட்ட திகதியைக் குறிப்பிட்டுப் பதில் எழுதச் சொன்னேன்.