கப் தயிரை எப்போது குளிரில் எடுத்து வைப்பது

ஒரே பால்காரர், ஒரே உறை, ஒரே நான்கு மணி நேரம். இருந்தும் திங்கட்கிழமை தயிர் இனிப்பாகவும் புதன்கிழமை தயிர் சுள்ளென்றும் இருக்கும். காரணம் எளிது. கடிகாரம் நேரத்தைத்தான் அளக்கிறது, புளிப்பை அளப்பதில்லை. பால் ஒரு டிகிரி குறைவாக இருந்தாலோ, உறை ஒரு நாள் பழையதாக இருந்தாலோ, பாக்டீரியாவின் வேகம் மாறிவிடும். கடையில் விற்கும் தயிர் தினமும் ஒன்றுபோல வர, உறைந்துகொண்டிருக்கும்போதே அமிலத்தை அளந்து, குறித்த அளவு வந்ததும் குளிர்விக்க வேண்டும்.

பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைப் பாக்டீரியா லாக்டிக் அமிலமாக்குகிறது. இந்த அமிலத்தைக் காட்டும் எண்தான் பிஎச், அமிலம் ஏறினால் அது இறங்கும். புதுப்பாலின் பிஎச் 6.6 முதல் 6.7 வரை. அந்த நிலையில் கேசீன் புரதத் துகள்கள் எல்லாம் எதிர்மின் சுமையோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். அமிலம் ஏற ஏற அந்தச் சுமை குறையும். துகள்களுக்குள் இருக்கும் கால்சியம் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறும். நன்றாகக் காய்ச்சிய பாலில் பிஎச் 5.3 வாக்கிலேயே கட்டியாகத் தொடங்கிவிடும், 4.6-இல் சுமை ஏறக்குறைய பூஜ்யமாகி வலை இறுகும். காய்ச்சாத பால் இன்னும் தாமதமாக, 4.9 வாக்கில்தான் கூடும். தயிரும் தளர்வாக இருக்கும். பாலை 85 டிகிரியில் அரை மணி நேரம் வைத்திருக்கச் சொல்வது கிருமிக்காக மட்டும் அல்ல. அந்தச் சூட்டில் மோர்ப்புரதம் குலைந்து கேசீனோடு ஒட்டிக்கொள்வதால்தான் தயிர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

இருபது லிட்டர் பசும்பாலில் கப் தயிர் போடும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். பாலோடு 400 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலந்து, 85 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, 43 டிகிரிக்கு ஆற்றி, 400 கிராம் உறையைக் கட்டியில்லாமல் அடித்துச் சேர்த்து, கப்புகளில் ஊற்றி 42 டிகிரிப் பெட்டியில் வைக்கிறார்கள். உறையில் இருப்பவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபாசில்லஸ் பல்காரிகஸ் என்ற இரண்டும். ஒழுங்காகப் போகும் நாளில் குறிப்பேடு ஏறக்குறைய இப்படி இருக்கும்: உறை ஊற்றியதும் 6.5, ஒரு மணி நேரத்தில் 6.3, இரண்டில் 5.8; மூன்றில் 5.15, மூன்றரையில் 4.9, நான்கில் 4.7. முதல் மணி நேரம் எதுவுமே நடக்காததுபோலத் தோன்றும், பயப்பட வேண்டாம். நடுவில் வேகமாக இறங்கும். 5-க்குக் கீழே அமிலம் தொடர்ந்து ஊறினாலும் பிஎச் மெதுவாகத்தான் இறங்கும். ஆகவே முதல் இரண்டு மணி நேரம் மணிக்கு ஒருமுறை பார்த்தால் போதும். 5.2 தாண்டியதும் கால் மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

இந்த அளவீட்டுக்கென்று இரண்டு மூன்று கப்புகளைத் தனியாக ஒதுக்குங்கள். ஒன்று மேல்தட்டிலும் ஒன்று கீழ்த்தட்டிலும் இருக்கட்டும். பெட்டியின் சூடு எல்லா இடத்திலும் சமமாக இருக்காது என்பது இவற்றில்தான் தெரியும். அளவீட்டுக்குத் தயிர் எடுத்த கப் விற்பனைக்கு ஆகாது.

இனி முக்கியமான கேள்வி: எந்த பிஎச்-இல் நிறுத்துவது? வேண்டிய பிஎச் வரும்வரை காத்திருந்து நிறுத்தினால் தவறு. குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்த பிறகும் கப்பின் நடுப்பகுதி வெகுநேரம் சூடாகவே இருக்கும். அதுவரை அமிலம் ஊறிக்கொண்டேதான் இருக்கும். மேலே சொன்ன கடை மறுநாள் காலை 4.4 வேண்டும் என்று நினைக்கிறது என்று வைப்போம். 4.6-இல் எடுத்து அட்டைப்பெட்டியோடு அடுக்கி வைத்தார்கள், மறுநாள் 4.25. அதாவது ஆறும்போது 0.35 இறங்கியிருக்கிறது. இனி 4.75-இல் எடுக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் கட்டி இன்னும் மென்மையாக இருப்பதால், தூக்கும்போது ஆடினாலே உடைந்து தண்ணீர் விடும். அதைவிட நல்ல வழி, ஆறும் வேகத்தைக் கூட்டுவது. கப்புகளை முதலில் பனிக்கட்டித் தண்ணீர்த் தட்டில் அரை மணி நேரம் ஆட்டாமல் வைத்து, பிறகு இடைவெளி விட்டு அடுக்கினால் இறக்கம் குறையும். அது 0.2 ஆகக் குறைந்தால் 4.6-இலேயே எடுக்கலாம். இந்த இறக்கம் கடைக்குக் கடை வேறு. உங்கள் பெட்டியில் அளந்தால்தான் தெரியும்.

பிஎச் தாளை இந்த வேலைக்கு நம்ப முடியாது, 4.4-க்கும் 4.7-க்கும் உள்ள வித்தியாசத்தை அது காட்டாது. மீட்டர்தான் வேண்டும், அதிலும் தயிர்போல் கெட்டியானவற்றில் அடைத்துக்கொள்ளாத உணவுக்கான எலக்ட்ரோடு. தினமும் 7.00, 4.01 பஃபர் கரைசல்களில் சரிபார்க்க வேண்டும். மீட்டரில் வெப்பநிலைத் திருத்தம் இருந்தாலும், அது எலக்ட்ரோடின் போக்கைத்தான் திருத்தும். சூட்டினால் தயிரின் பிஎச்சே சற்று மாறுவதை அது திருத்தாது. எனவே ஒரு கரண்டி தயிரைச் சிறு எவர்சில்வர் டம்ளரில் எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் வைத்து 25 டிகிரிக்கு ஆற்றி, எப்போதும் அந்தச் சூட்டிலேயே அளங்கள். எலக்ட்ரோடில் புரதம் படிந்தால் எண் நிலைக்காமல் நகர்ந்துகொண்டே போகும். அதற்கென விற்கும் பெப்சின் கரைசலில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். காய்ச்சி வடித்த தண்ணீரில் எலக்ட்ரோடை வைத்திருப்பது அதைக் கெடுக்கும். பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும்.

பிஎச் சரியாக இருந்தும் வாடிக்கையாளர் "இன்னைக்குப் புளிப்பு அதிகம்" என்று சொல்லலாம். அவர் சொல்வது பொய்யாக இருக்காது. எருமைப்பால் கலந்த பாலிலோ பவுடர் கூடிய பாலிலோ புரதமும் பாஸ்பேட்டும் அதிகம். அவை அமிலத்தை உறிஞ்சிக்கொள்வதால், அதே 4.4 வர இன்னும் அதிக லாக்டிக் அமிலம் தேவைப்படும். கட்டி பிடிப்பது பிஎச்சைப் பொறுத்தது. நாக்குக்குப் படும் புளிப்பு மொத்த அமிலத்தையும் பொறுத்தது. அதனால் மறுநாள் காலையில், காரம் சேர்த்து மொத்த அமிலத்தை அளக்கும் டைட்ரேஷன் ஒன்றும் செய்துவிட வேண்டும். 9 கிராம் தயிரை எடை போட்டு, அதே அளவு காய்ச்சி வடித்த தண்ணீரில் கலக்கி, சில துளி பினால்ஃப்தலீன் நிறங்காட்டி விட்டு, பியூரெட்டிலிருந்து 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். இளஞ்சிவப்பு அரை நிமிடம் மறையாமல் நின்றால் முடிந்தது. 9 கிராம் எடுப்பதில் ஒரு வசதி: செலவான ஒவ்வொரு மில்லிலிட்டரும் 0.1 சதவீத லாக்டிக் அமிலம். 8.2 மில்லி செலவானால் 0.82 சதவீதம். கரைசல் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி வலுவிழக்கும், புட்டியை இறுக மூடி வையுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

குறிப்பேட்டில் எண்கள் சேரச் சேர, கோளாறும் அதிலேயே தெரியும். தொடக்கத்திலிருந்தே எல்லாம் மந்தமாகப் போனால் முதலில் சூட்டைப் பாருங்கள், பிறகு பாலை. மாட்டுக்குப் போட்ட ஆன்டிபயாடிக் மருந்து பாலில் இருந்தால் காய்ச்சினாலும் முழுதாகப் போகாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அதற்கு எளிதில் அடங்கிவிடும். வழக்கம்போல் இறங்கி வந்து 5.5 வாக்கில் அப்படியே நின்றுவிட்டால், பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ் உறையில் புகுந்திருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய, 100 கிராம் பால் பவுடரை 900 மில்லி தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி ஆற்றி, அதே உறையை ஊற்றிப் பாருங்கள். அதில் ஒழுங்காக உறைந்தால் சந்தேகம் பால் பக்கம். அதிலும் நின்றுபோனால் உறையை முழுதாகக் கொட்டிவிட்டு, பாத்திரங்களைக் குளோரின் கரைசலில் சுத்தம் செய்து நன்றாக அலசி, பாக்கெட் கல்ச்சரில் புதிதாகத் தொடங்க வேண்டும். நேற்றைய தயிரையே நாள்கணக்காக உறையாக்கினாலும் சிக்கல் வரும்: புளிப்பைத் தாங்கும் லாக்டோபாசில்லஸ் மெல்ல மெல்லப் பெருகி, ஆறிய பிறகும் இறக்கம் கூடிக்கொண்டே போகும். மறுநாள் இறக்கம் 0.2-லிருந்து 0.3-ஐத் தாண்டினால் உறையை மாற்ற வேண்டிய நாள் வந்துவிட்டது.