போட்ட வீதத்தையே கழித்தால் நட்டம் ஏன் வருகிறது?

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சிறு கடைகளின் கணக்குகளைப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பிந்திய வாரங்களில் என் மேசைக்கு வரும் கொப்பிகளில் ஒரே வகையான பிழையைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். விற்பனை கூடியிருக்கும், சரக்கும் குறைந்திருக்கும், ஆனால் கொழும்பு மொத்த வியாபாரிக்குக் கட்டவேண்டிய காசு பெட்டியில் இராது. களவு போயிற்றோ, கணக்குப் பிள்ளை பிழை விட்டாரோ என்று வீட்டுக்குள் சந்தேகம் கிளம்பும். பல இடங்களில் காரணம் இவற்றில் எதுவும் அல்ல. கொள்விலையில் ஒரு வீதத்தைக் கூட்டி, பிறகு அதே வீதத்தைக் கழிவாகக் கொடுத்ததே காரணம்.

ஒரு புடவைக்கடையின் கணக்கை எடுத்துக்கொள்வோம். சேலை ஒன்றின் கொள்விலை 4,000 ரூபாய். அதில் 30 வீதமான 1,200 ரூபாயைச் சேர்த்து 5,200 ரூபாய் என்று உரிமையாளர் விலைத்துண்டில் எழுதியிருந்தார். பண்டிகைக் காலத்தில் "30 வீதக் கழிவு" என்று கடை வாசலில் பலகை வைத்தார். பற்றுச்சீட்டில் 5,200 ரூபாயின் 30 வீதமான 1,560 ரூபாய் கழிக்கப்பட்டு, சேலை 3,640 ரூபாய்க்குப் போனது. ஒரு சேலைக்கு 360 ரூபாய் நட்டம். அப்படி 40 சேலைகள் விற்றதால் கடை வாடகையும் வேலையாட்களின் சம்பளமும் சேராமலே 14,400 ரூபாய் கையை விட்டுப் போயிருந்தது. "தம்பி, நான் போட்ட முப்பதைத்தானே கழிச்சனான், பிறகெப்பிடி நட்டம் வரும்?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

கூட்டும்போது அந்த 30 வீதம் 4,000 ரூபாய்க்கு உரியது, கழிக்கும்போது அது 5,200 ரூபாய்க்கு உரியது. வீதம் ஒன்றாக இருந்தாலும் அது எந்தத் தொகையின் வீதம் என்பது மாறிவிட்டதால், 1,200 ரூபாயைச் சேர்த்த கை 1,560 ரூபாயைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. இடையிலுள்ள 360 ரூபாய்தான் நட்டம். வேறு விதமாகச் சொன்னால், 30 வீதம் கூட்டுவது 1.30 ஆல் பெருக்குவதாகும், 30 வீதம் கழிப்பது 0.70 ஆல் பெருக்குவதாகும், இரண்டையும் பெருக்கினால் 0.91 வருகிறது. அதாவது கொள்விலையில் 9 வீதம் குறைகிறது. வீதங்கள் அடுத்தடுத்து வரும் இடத்தில் அவற்றைக் கூட்டிக் கழிக்கக் கூடாது, பெருக்க வேண்டும் என்பதை அவருக்கு விளங்கவைக்க இந்த ஒரு பெருக்கல் போதுமாக இருந்தது.

அப்படியானால் அந்தச் சேலைக்கு எவ்வளவு கழிவு கொடுத்திருக்கலாம்? சேர்த்த 1,200 ரூபாயை 5,200 ரூபாயால் வகுத்தால் 23.08 வீதம் வருகிறது. 23 வீதம் கழித்திருந்தால் 4,004 ரூபாய் கிடைத்திருக்கும், கொள்விலையாவது மிஞ்சியிருக்கும். அதற்கு மேல் கொடுத்த ஒவ்வொரு வீதமும் உரிமையாளரின் சொந்தக் காசுதான். 30 வீதக் கழிவு கொடுத்தும் கொள்விலையில் 10 வீத இலாபம் வேண்டும் என்றால் கணக்கைப் பின்னிருந்து தொடங்க வேண்டும். கையில் வரவேண்டியது 4,400 ரூபாய், அது குறித்த விலையின் 70 வீதமாக இருக்க வேண்டும், ஆகவே 4,400 ரூபாயை 0.70 ஆல் வகுத்து ஏறத்தாழ 6,290 ரூபாய் என்று குறிக்க வேண்டும். கழிவுக்காகவே விலையை இப்படி ஏற்றி எழுதுவது எனக்கு உவப்பானது அல்ல. வாங்குபவர் பலகையிலுள்ள வீதத்தைப் பார்த்து மயங்காமல், கழிவு போன பிறகு கொடுக்கும் விலையைப் பக்கத்துக் கடை விலையோடு ஒப்பிடுவதே அவருக்குப் பாதுகாப்பு.

வீதம் சிறியதாக இருக்கும்போது இந்தப் பிழை கண்ணில் படாது என்பதையும் சொல்ல வேண்டும். 5 வீதம் கூட்டி 5 வீதம் கழித்தால் குறைவது கால் வீதம் மட்டுமே, 10 வீதமானால் 1 வீதம். மளிகைக் கடைகளில் சிறு கழிவுகள் கொடுத்துப் பழகியவர்கள் அதே பழக்கத்தைப் புடவைக்கும் தளபாடத்துக்கும் கொண்டுவரும்போதுதான் அடி விழுகிறது. 30 வீதத்தில் 9 வீதமாக இருக்கும் நட்டம், 50 வீதத்தில் 25 வீதமாகிவிடுகிறது.

முதலில் குறைந்து பிறகு ஏறினால் கணக்குச் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. நெல் விற்கும் கமக்காரர்களிடம் இதை அதிகமாகக் கேட்கிறேன். காலபோக அறுவடை ஒரே நேரத்தில் சந்தைக்கு வரும்போது விலை இறங்குகிறது, பிறகு ஏறுகிறது. கணக்கு இலகுவாக இருப்பதற்காக ஒரு கிலோ 100 ரூபாய் என்று வைப்போம். 25 வீதம் இறங்கினால் 75 ரூபாய். அதன்பின் 25 வீதம் ஏறினால், 75 ரூபாயின் கால்பங்கான 18.75 ரூபாய் சேர்ந்து 93.75 ரூபாய்தான் ஆகிறது. முதலில் ஏறிப் பின்பு இறங்கினாலும் 100 ரூபாய் 125 ஆகி அதே 93.75 ரூபாய்க்கே வந்து நிற்கும், ஏனெனில் பெருக்கலில் எதை முதலில் பெருக்கினாலும் விடை மாறாது. "இறங்கின 25 வீதமும் ஏறிவிட்டது" என்ற பேச்சை நம்பி, பழைய விலை வந்துவிட்டது என்று எண்ணி 1,000 கிலோ நெல்லைக் கொடுப்பவர் பழைய விலையிலிருந்து 6,250 ரூபாய் குறைவாகவே பெறுகிறார். 75 ரூபாய் மீண்டும் 100 ரூபாய் ஆவதற்கு விலை மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33.3 வீதம் ஏற வேண்டும்.

இதே பெருக்கல் மறுபக்கமாகவும் வேலை செய்கிறது என்பதற்கு மின்கட்டணம் நல்ல உதாரணம். இலங்கையில் மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதமும் கூட்டப்பட்டது. இரண்டையும் கூட்டி 141 வீத உயர்வு என்று அரிசி ஆலைக்காரர் ஒருவர் தன் செலவுத் திட்டத்தில் எழுதியிருந்தார். ஆனால் 1,000 ரூபாய்க் கட்டணம் முதலில் 1,750 ரூபாய் ஆகி, அந்த 1,750 ரூபாயின் மேல் 66 வீதமான 1,155 ரூபாய் ஏறி, 2,905 ரூபாய் ஆகிறது. உண்மையான உயர்வு 190.5 வீதம். அவருடைய திட்டத்தில் ஒவ்வொரு 1,000 ரூபாய்க்கும் 495 ரூபாய் துண்டு விழுந்தது அதனால்தான்.

2023 ஜூலையில் சராசரியாக 14.2 வீதக் குறைப்பு வந்தபோது, 141 வீதம் ஏற்றிவிட்டு 14 வீதம் குறைக்கிறார்களே என்று பலர் சலித்துக்கொண்டார்கள். சலிப்பில் நியாயம் உண்டு, ஆனால் அந்த 14.2 வீதம் 2,905 ரூபாயின் மேல் கணிக்கப்படுகிறது. குறைந்தது ஏறத்தாழ 412 ரூபாய், பழைய 1,000 ரூபாயோடு ஒப்பிட்டால் 41 வீதம். முழு உயர்வையும் நீக்கி 1,000 ரூபாய்க்குத் திரும்ப 190.5 வீதக் குறைப்பு தேவையில்லை, 65.6 வீதக் குறைப்பே போதும். இவை நாடளாவிய சராசரி வீதங்கள். வீட்டுப் பாவனை, கடை, ஆலை என்ற பிரிவுக்கும் பாவித்த அலகுகளுக்கும் ஏற்ப ஒவ்வொருவருடைய பட்டியலும் வேறுபடும். ஆகவே சொந்தக் கணக்குக்கு அறிவிக்கப்பட்ட வீதத்தை எடுக்காமல், ஏறத்தாழ ஒரே அளவு அலகுகள் பாவித்த இரண்டு மாதப் பட்டியல்களை எடுத்து, புதிய தொகையைப் பழைய தொகையால் வகுத்துப் பார்க்க வேண்டும்.