காலம் தவறாமைக்கு நாலு புள்ளி

நான் திருகோணமலையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் பெறுகை வேலை பார்க்கிறேன். குச்சவெளிப் பக்கத்துப் பாடசாலைகளுக்குத் தண்ணீர்த் தாங்கிகளும் அவற்றை ஏற்றிவைக்கும் இரும்பு ஸ்டாண்டுகளும் வாங்கிப் பொருத்த, 60 லட்சம் ரூபாய்க்கு ஒரு வழங்குநரோடு ஒப்பந்தம் செய்திருந்தோம். வேலை டிசம்பர் 15இல் முடிய வேண்டும். முடிந்தது ஜனவரி 25இல். 41 நாள் தாமதம். ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு 0.1 சதவீதம், அதாவது 6,000 ரூபாய். கடைசி பில்லில் 2,46,000 ரூபாயைக் கழித்துவிட்டோம்.

அடுத்த வாரமே வழங்குநர் நிறுவனத்தின் முதலாளி ஃபைலோடு வந்தார். தம் பக்கத்தில் மூன்று விடயங்கள் சொன்னார். அத்திவாரம் போட்டுத் தர வேண்டியது நாங்கள். அதை நவம்பர் 10இல் தராமல் 28இல்தான் கையளித்தோம். அப்புறம், 12 நாள் மழை. மூன்றாவதாக, அத்திவாரம் கிடைக்கும்வரை ஸ்டாண்டுகளை வைத்திருந்த களஞ்சியத்துக்கு வாடகை. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒரு தாளை மேசையில் வைத்தார். டிசம்பர் மாத வழங்குநர் மதிப்பீட்டுப் படிவம் அது. "காலம் தவறாமை" என்ற இடத்தில் 5க்கு 4 என்று இருந்தது. கீழே எங்கள் கள அலுவலர் தம்பியின் கையெழுத்து.

"தம்பி, நீங்களே நேரத்துக்குச் செய்தேன் என்று போட்டுவிட்டு இப்போ காசு வெட்டுறீங்களே?" என்றார்.

தம்பி பொய் எழுதவில்லை. மனம் நோகக் கூடாதென்று எல்லாருக்கும் நாலு போடுவது வழக்கம், அவ்வளவுதான். ஆனால் அந்த வழக்கம்தான் எங்கள் கழிவைக் கேலிக்குரியதாக்கிவிட்டது. உண்மையில் அந்தப் படிவத்தில் இருக்க வேண்டியது புள்ளியல்ல, காரணம்: எந்தத் திகதி தர வேண்டியது, எப்போது வந்தது, யார் பக்கத்துத் தாமதம்.

சரி, ஆவணங்களைப் பிரித்துப் பார்த்தோம். அத்திவாரக் கையளிப்புப் பதிவேட்டில் 28 நவம்பர் என்று நாங்களே எழுதியிருந்தோம். 18 நாள் எங்கள் தவறு. நாங்கள் உண்டாக்கிய தாமதத்துக்கு நாங்களே அவரிடம் நட்டஈடு கேட்க முடியாது. அந்த நாட்களில் அவர் வாட்ஸ்அப்பில் "அத்திவாரம் இன்னும் இல்லை" என்று அனுப்பியதும், நம்மவர் "சரி அண்ணை, பார்ப்பம்" என்று பதிலளித்ததும் இருந்தன. ஸ்டாண்டுகள் குச்சவெளிக்கு நவம்பர் 20ஆம் திகதிதான் வந்தன என்று எங்கள் தரப்பில் ஒருவர் வாதிட்டார். அது உண்மைதான். ஆனால் இரு பக்கத் தாமதமும் ஒன்றாக ஓடும்போது, நேரத்தை நீட்டிக் கொடுத்து, அதற்கான செலவைக் கொடுக்காமல் விடுவதுதான் நியாயமென்று முடிவு செய்தோம்.

மழையில் 12 நாளில் 7 நாள் அந்த 18க்குள்ளேயே விழுந்தது. ஒரே நாளை இருமுறை எண்ண முடியாது. மீதி 5 நாள் ஜனவரியில். ஒப்பந்தம் "வழக்கத்துக்கு மாறான" மழைக்கே நேரம் தருகிறது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் திருகோணமலையில் மழை பெய்வது வழக்கம். விலை கொடுத்தபோதே அவருக்கும் அது தெரியும். அந்த 5 நாளை ஏற்கவில்லை.

களஞ்சிய வாடகையும் போயிற்று. ஒப்பந்தத்தில் பணக் கோரிக்கையைச் சம்பவம் நடந்து 28 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் தாமதம் பற்றிப் பேச்சு இருந்தது, பணம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நல்ல வேலைக்காரர்கள் பலரும் கடைசி பில்லோடு சேர்த்துக் கேட்கலாம் என்று நினைத்தே இழந்துவிடுகிறார்கள்.

ஆக, 41இல் 18 போக 23 நாள், 1,38,000 ரூபாய். ஏற்கெனவே கழித்திருந்ததில் மீதி 1,08,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். மதிப்பீட்டுப் படிவத்தையும் புதிதாக எழுதினோம்: காலம் 2, தரம் 4, பக்கத்தில் திகதிகளோடு காரணம். அவர் படித்துப் பார்த்துத் தன் மறுப்பை எழுதினார்; அதையும் அதே ஃபைலில் இணைத்தோம்.

இதற்கிடையில் ஒரு பயமும் வந்துபோனது. இந்த ஒப்பந்தத்துக்காக அவர் எங்களிடம் தந்திருந்த வங்கிப் பிணை ஜனவரி 31இல் காலாவதியாக இருந்தது. அந்த நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் கோரிக்கை போகாவிட்டால் பிணை வெறும் தாள்தான். பேச்சுவார்த்தை ஓடிக்கொண்டிருக்கிறதே என்று வங்கி காத்திருக்காது. அவரிடம் கேட்டு ஒரு மாதம் நீட்டிக்கொண்டோம்.

"இனி வேறு கோரிக்கை இல்லை" என்ற கடிதம் வாங்கியும் ஃபைலை மூடவில்லை. ஒப்பந்தத் தொகையில் பிடித்து வைத்த 5 சதவீதம், அதாவது 3 லட்சத்தில், பாதியை மட்டும் கொடுத்து, மீதியை, குறைபாடுகளை அவர் திருத்தித் தர வேண்டிய 12 மாதக் காலம் முடியும்வரை வைத்தோம். பதினோராவது மாதம் தம்பியோடு போய் ஸ்டாண்டு ஸ்டாண்டாக ஏறிப் பார்த்தேன். கடல்காற்று நேரே அடிக்கும் பாடசாலைகளில் ஸ்டாண்டின் இரும்புச் சட்டம் சுத்தமாக இருந்தது. ஆனால் போல்ட்டுகளின் தலையைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துரு வழிந்திருந்தது. விவரக்குறிப்பில் உருகிய துத்தநாகத்தில் தோய்த்த போல்ட்டுகள். அவர் போட்டது மெல்லிய பூச்சுள்ளவை. கையளிக்கும் நாளில் இரண்டிலும் துரு தெரிந்திருக்காது.

படம் அனுப்பினேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஆளை அனுப்பி எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். இம்முறை தம்பி படிவத்தில் முதலில் திகதியை எழுதினார், புள்ளியைப் பிறகு. அடுத்த நாள் மீதிப் பணத்துக்குக் காசோலை போனது.